ஒரு நாற்காலி, 9,600 ரூபாய்: ஒரு நன்கொடை விருந்தின் கதை

மும்பையில் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். சம்பளம் கிடையாது, பழக்கதோஷம். தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பத்தாவது படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சாயந்தரம் வந்து உட்கார்ந்து படிக்க விட்டிருக்கிறார்கள். நாற்பது நாற்காலி, ஜூலை முதல் பிப்ரவரி வரை. அதற்குப் பணம் திரட்ட ஒவ்வொரு ஜூனிலும் மாட்டுங்காவில் ஒரு விருந்து. இரண்டு வருஷ விருந்தையும் நான் கூடவே இருந்து பார்த்தேன். முதல் வருஷம் கவிழ்ந்தது, அடுத்த வருஷம் பாதி ஜெயித்தது. அந்த மீதிப் பாதி ஏன் ஜெயிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் சுவாரஸ்யமான விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் வருஷக் கடிதம் இரண்டு பக்கம். தாராவியின் ஜனத்தொகை, பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள், நாங்கள் செய்யும் ஆறு வேலைகள், தலைவர் செய்தி, கடைசியில் "தங்களால் இயன்றதைத் தாரீர்". 120 பேர் வந்தார்கள், 61 பேர் கொடுத்தார்கள், மொத்தம் 94,350 ரூபாய். கவர்களைப் பிரித்து எண்ணியது நானும் பொருளாளர் மாமியும். 501, 501, 1,001, 501, 1,001, நடுவில் ஒரு 2,001. மாமிதான் முதலில் சொன்னார்: "என்னப்பா இது, கல்யாண மொய் எழுதின மாதிரி இருக்கு."

நூற்றுக்கு நூறு சரி. எவ்வளவு கொடுப்பது என்று நாம் சொல்லவில்லை, அதனால் கை தானாகவே பழகின இடத்துக்குப் போயிற்று. இலை போட்டுச் சாப்பாடு, பட்டுப்புடவை, வாசலில் சந்தனம் என்றால் நம் ஆட்களுக்கு மொய்க்கவர் கணக்குதான் ஞாபகம் வரும். அந்தக் கூட்டத்தில் பத்தாயிரம் கொடுத்துவிட்டு மறந்துபோகக்கூடியவர்கள் முப்பது பேராவது இருந்தார்கள். அவர்களும் 1,001தான். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன், பக்கத்து இலைக்காரர் எவ்வளவு போடுகிறாரோ அதுவே முறை என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, அடுத்த வருஷம் இரண்டு விஷயத்தை மட்டும் மாற்றலாம் என்று முடிவாயிற்று. ஒரே ஒரு பிள்ளையின் கதை, ஒரே ஒரு தொகை.

தொகையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கமிட்டியில் சண்டை அதற்குத்தான். மாத வாடகை 24,000. கணக்கும் சயின்ஸும் சொல்லித்தர வரும் இரண்டு பேருக்குத் தலா 7,500. கரண்ட் 4,000. டீ, பிஸ்கட், ஜெராக்ஸ், கூட்டிப் பெருக்குவது எல்லாம் சேர்த்து 5,000. ஆக 48,000. நாற்பது நாற்காலிக்கு வகுத்தால் மாதம் 1,200, எட்டு மாதத்துக்கு 9,600. "பத்தாயிரம்னு ரவுண்டா போட்டுடலாமே" என்று மூன்று பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தாயிரம் என்றால் யாரோ உட்கார்ந்து நினைத்துக்கொண்ட தொகை. 9,600 என்றால் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும், கேட்டால் நான்கே வரியில் பதில் இருக்கிறது. கூடவே ஒரு அற்ப லாபமும் உண்டு: பேங்க் ஸ்டேட்மெண்டில் 9,600 என்று ஒரு வரவு விழுந்தால் அது எதற்கு வந்த பணம் என்று யாரையும் போன் போட்டுக் கேட்க வேண்டாம்.

விருந்துச் செலவை இதோடு கலக்கவே இல்லை. டிக்கெட் 1,500 ரூபாய், ஹால், சாப்பாடு, மைக், அச்சு எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். அப்படி இல்லாவிட்டால் 9,600 என்ற கணக்கு பொய்யாகிவிடும். கொடுத்த பணத்தில் ஒரு பங்கு ஜாங்கிரியாகப் போயிருந்தால் அதை நாற்காலி என்று எப்படிச் சொல்வது? 110 பேர் வந்தார்கள், டிக்கெட் பணம் 1,65,000, செலவு 1,35,000, மிச்சம் 30,000. அந்த 30,000 பின்னால் கைகொடுத்தது.

இனி கதை. ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் கை நீளும், கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் சுருங்கும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரிந்ததுதான். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று பேர் இதைச் சோதித்து 2007-இல் எழுதினார்கள். ஒரு கேள்வித்தாளை நிரப்பியதற்குக் கூலியாக 5 டாலர் கொடுத்து, அதிலிருந்து விருப்பமிருந்தால் தானம் செய்யச் சொன்னார்கள். மாலி நாட்டு ரோகியா என்ற 7 வயதுச் சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14. என் கண்ணைத் திறந்தது மூன்றாவது கூட்டம்: சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள், 1.43. அதாவது கதைக்குப் பக்கத்தில் புள்ளிவிவரத்தை வைத்தால் அது கதையின் பலத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. கமிட்டியில் "ஒரு பாரா மட்டும் டேட்டா போடலாமே" என்று கேட்டவருக்கு இந்த மூன்று எண்களைத்தான் காட்டினேன். ஆனால் அங்கே சோதித்தது சில்லறைக் காசை, நாம் கேட்பது 9,600. இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று நான் நம்பிவிடவில்லை.

முந்தைய வருஷம் படித்துத் தேறிய ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவளைக் கடிதத்தில் செல்வி என்று வைத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒற்றை அறை வீடு, ஐந்து பேர், ஒரு தையல் மெஷின். அம்மா சேட்டிடமிருந்து துணி வாங்கிவந்து பீஸ் கணக்கில் தைக்கிறார். ராத்திரி பதினொன்று வரை மெஷின் ஓடும். பெண் படிப்பது அதற்குப் பிறகு.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கே ஒரு மிதப்பு. மறுநாள் போய் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே நூலைக் கோத்தார். படித்து முடித்ததும் சொன்னார்: "தம்பி, எம்புள்ள அழுதான்னு எழுதியிருக்கீங்க. அவ அழல. எரிச்சல்ல நோட்டத் தூக்கி எறிஞ்சா. அழல."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "மெஷின் சத்தத்தில் கண்ணீரோடு" என்று எழுதியிருந்தேன், அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. யாரும் சொல்லவில்லை, நான் பார்க்கவும் இல்லை. இந்த மாதிரிக் கடிதங்களில் கண்ணீர் கறிவேப்பிலை மாதிரி, கை தானாகப் போடுகிறது. உண்மைக் கதை என்று சொல்லிக்கொண்டு அதில் ஒரு பொய்யை வைத்திருந்தேன், அதுவும் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் மேல். அவர் இன்னும் இரண்டு விஷயம் கேட்டார்: சந்தின் பெயர் வேண்டாம், என்ன துணி தைக்கிறோம் என்றும் போட வேண்டாம், சேட்டு காதுக்குப் போனால் வேலை போய்விடும். இரண்டையும் எடுத்தேன். அப்புறம் அந்தப் பெண்ணிடமே ஒரு பிரதியைக் கொடுத்து, ஒரு வாரம் வைத்துக்கொள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவள் ஒரே ஒரு திருத்தம் செய்தாள். அப்பா பத்து மணிக்கு வந்து கூட்டிப்போவார் என்று எழுதியிருந்தேன், "பத்தேகால் அங்கிள்" என்றாள்.

மேடையில் அவளை நிறுத்தலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். நிறுத்தவில்லை. தான் படித்த கதையை 110 பேர் இலைக்கு முன்னால் நின்று நிரூபிக்க வேண்டிய அவசியம் ஒரு பதினாறு வயசுப் பெண்ணுக்கு இல்லை.

கடைசியில் நின்ற கடிதம் இதுதான்:

"வணக்கம். செல்வி போன வருஷம் பத்தாவது படித்தாள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர், ஒரே அறை, ஒரு தையல் மெஷின். இரவு பதினொரு மணி வரை அது ஓடினால்தான் வீடு ஓடும். மெஷின் நின்ற பிறகு செல்வி புத்தகத்தைத் திறப்பாள். ஒருநாள் எரிச்சலில் கணக்கு நோட்டைத் தூக்கி எறிந்தாள். ஆகஸ்டில் எங்கள் படிப்பு அறைக்கு வந்தாள். ஏழு மணிக்கு வருவாள், பத்தேகாலுக்கு அப்பா வந்து கூட்டிப்போவார். அங்கே அவளுக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சந்தேகம் கேட்க ஒரு ஆள். பரீட்சை எழுதினாள், தேறினாள், இப்போது பதினொன்றாவது சேரப்போகிறாள். ஒரு நாற்காலியின் பங்குச் செலவு, ஜூலை முதல் பிப்ரவரி வரை, 9,600 ரூபாய். இந்த ஜூலையில் நாற்பது நாற்காலி போட வேண்டும். இன்று ஒரு நாற்காலி கொடுங்கள்."

அவ்வளவுதான். மார்க்கைப் போடவில்லை. அறைக்கு வந்ததால்தான் தேறினாள் என்றும் எழுதவில்லை, வராமல் இருந்தாலும் தேறியிருக்கலாம், யார் கண்டது. "பங்குச் செலவு" என்ற வார்த்தையும் யோசித்துப் போட்டதுதான், அதன் காரணம் கீழே வரும்.

எழுத்தைவிட எங்களுக்குப் பெரிய தலைவலி சாப்பாடு. முந்தைய வருஷம் தலைவர் மைக்கைப் பிடித்தது ரசம் விட்டுக்கொண்டிருந்தபோது. எல்லாருடைய வலது கையும் இலையில். போனை எடுத்து ஸ்கேன் பண்ண முடியாது, பர்ஸை எடுக்கவும் முடியாது. சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தவர்கள் கை கழுவப் போனார்கள், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே செருப்பு, செருப்புக்குப் பக்கத்தில் வாசல். அது போக இரண்டு பந்தி. முதல் பந்தி கிளம்பும்போது இரண்டாவது பந்தி உட்காருகிறது, ஆக யாருமே முழுக் கடிதத்தையும் கேட்கவில்லை. ஸ்பூனில் சாப்பிடும் விருந்துக்கு எழுதிய யோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இதுதான் கதி.

இந்தத் தடவை ஒரே பந்தி, பத்துப் பேர் மேஜையாகப் பதினொன்று. பாயசத்தை இலையில் விடவில்லை. எல்லாரும் கை கழுவிவிட்டு மேஜைக்குத் திரும்பினால்தான் பாயசமும் காபியும் பீடாவும் என்று கேட்டரிங்காரரிடம் சொல்லிவைத்தோம். மாட்டுங்காவில் டிகிரி காபியை விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? கை காய்ந்திருந்தது, போன் மேஜைமேல் இருந்தது, வெளியே மழையும் பிடித்துக்கொண்டது. அப்போது படித்தோம். படித்தது தலைவர் அல்ல, அறையில் கணக்கு சொல்லித்தரும் பெண். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. படித்து முடித்த பிறகு ஐந்து நிமிஷம் யாரும் மைக்கைத் தொடக்கூடாது என்று கட்டாயம் போட்டிருந்தோம். பேச்சு தொடர்ந்தால் கை போனுக்குப் போகாது.

ஒவ்வொரு மேஜையிலும் தொகை ஏற்கெனவே நிரப்பின ஒரு கியூஆர் கோடு. அதற்குள் இருப்பது இந்த மாதிரி ஒரு வரிதான், எந்த இலவசக் கருவியிலும் கோடாக மாற்றிக்கொள்ளலாம்:

```
upi://pay?pa=example@bank&pn=Padippu%20Arai&am=9600.00&cu=INR&tn=Chair
```

`pa` என்ற இடத்தில் அறக்கட்டளையின் யூபிஐ முகவரி, `am` என்ற இடத்தில் தொகை. ஸ்கேன் பண்ணினால் 9,600 தானாக வந்து நிற்கும். நாங்கள் சோதித்த போன்களில் தொகையை மாற்ற விடவில்லை, அதனால் காலித் தொகையோடு இன்னொரு கோடு வரவேற்பு மேஜையில் மட்டும் வைத்தோம். போனில் பணம் அனுப்பாத பெரியவர்களுக்கு ஒரு சின்ன அட்டை: பெயர், நம்பர், எத்தனை நாற்காலி.

22 பேர் ஒவ்வொரு நாற்காலி. நான்கு பேர் இரண்டிரண்டு. ஏழாம் மேஜையில் யாரோ ஒரு பாட்டி "பத்துப் பேர் இருக்கோம், ஆளுக்கு 960 போட்டா ஒரு நாற்காலி ஆச்சே" என்று சத்தமாகச் சொல்ல, அதைக் கேட்டு இன்னும் இரண்டு மேஜையும் அப்படியே செய்தன. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரே தொகையில் உள்ள குறையே அதுதான், 9,600 முடியாதவர் வெறுங்கையோடு சங்கடமாக உட்கார்ந்திருப்பார். பாட்டி வழி காட்டினார். ஆனால் 960-ஐக் கடிதத்தில் அச்சடித்திருந்தால் 22 பேரில் பாதிப் பேர் அங்கேயே நின்றிருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அது மேஜையிலிருந்து வர வேண்டிய யோசனை.

மொத்தம் 33 நாற்காலி. சில்லறையாக 11 பேர் கொடுத்தது 14,200. அன்று ராத்திரியே 26 நாற்காலிக்குப் பணம் வந்துவிட்டது, பத்து நாளில் மாமி போன் போட்டுப் போட்டு இன்னும் ஐந்து. இரண்டு பேர் வரவே இல்லை. கையில் வந்தது 3,11,800.

ரசீது விஷயத்தில் கொஞ்சம் உரசல். டிக்கெட்டையும் சேர்த்து 11,100-க்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டார்கள். டிக்கெட்டுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது, அது தானம் ஆகாது, 9,600-க்குத்தான் தர முடியும் என்றோம். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் பிரயோஜனம், 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. ஒருவர் அமெரிக்கக் குடிமகளாகிவிட்ட மகளிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன் என்றார். வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்கு இல்லை, வாங்க முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவரின் சொந்தப் பணம் என்றால் பிரச்சினை இல்லை. இதெல்லாம் விருந்து முடிந்து வாசலில் பேசும் பேச்சா, அட்டையின் பின்புறத்தில் அச்சடித்திருக்க வேண்டும்.

அந்த வாசலில்தான் ஒரு ஆடிட்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாற்காலி கொடுத்த மனிதர். "சார், ஒரு நாற்காலிக்குப் பணம் வரலேன்னா ஒரு பிள்ளை வெளியே போயிடுமா? வாடகை அதே 24,000 தானே?"

பிடித்துவிட்டார். 9,600 என்பது வகுத்து வந்த சராசரி. நாற்பது பேருக்குப் பதில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தால் மிச்சமாவது கொஞ்சம் டீயும் ஜெராக்ஸும்தான், வாடகை குறையாது, வாத்தியார் சம்பளம் குறையாது. அதனால்தான் "பங்குச் செலவு" என்று எழுதினேன், "நீங்கள் கொடுக்காவிட்டால் ஒரு பிள்ளைக்கு இடமில்லை" என்று எழுதவில்லை. கமிட்டியில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினார்கள், நல்ல வேளை, சேர்க்கவில்லை. ஆனால் இன்னொரு மாமா ஜூலையில் வந்து "என் நாற்காலிப் பையன் எங்கே" என்று கேட்டபோது, நான் தவிர்த்த அர்த்தத்தையே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. பணம் மொத்த அறைக்கும் போகிறது என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நாற்பது பேரையும் சேர்த்துக்கொண்டோம். 3,84,000 வேண்டிய இடத்தில் 72,200 குறைவு. மாதம் 48,000 என்றால் கையில் இருப்பது ஆறரை மாதத்துக்கு வரும், ஜனவரி பாதியில் அறையைப் பூட்ட வேண்டியதுதான். பரீட்சைக்குச் சரியாக முன்னால்.

நவம்பரில் இரண்டாவது கடிதம். விருந்து இல்லை, வந்தவர்களுக்கு மட்டும் வாட்ஸப்பில். இந்தத் தடவை நாற்காலி கேட்கவில்லை. 48,000-ஐ முப்பதால் வகுத்தால் 1,600. ஒரு சாயந்தரம் அந்த அறை முழுக்கத் திறந்திருக்க ஆகும் செலவு. ஜனவரி 15-லிருந்து 45 சாயந்தரம் பாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு அனுப்பினோம், விருப்பமான தேதியை எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் உடனே பதில் போட்டார்: "இது சரியான கணக்கு." ஏனென்றால் இந்தச் செலவு நாற்காலிவாரியாக ஓடவில்லை, நாள்வாரியாக ஓடுகிறது. பணம் இல்லாத சாயந்தரம் அறை நிஜமாகவே பூட்டித்தான் இருக்கும்.

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று தேதிகள் போயின. தை வெள்ளிக்கிழமைகளுக்குப் போட்டி. செவ்வாய்க்கிழமைகளைத்தான் யாரும் தொடவில்லை. இரண்டு வாரத்தில் 38 தேதிகள் போய்விட்டன, மீதி ஏழுக்கு 11,200 ரூபாய், விருந்தில் மிஞ்சிய 30,000-லிருந்து எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஜூன் விருந்துக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியா சாயந்தரமா என்று கமிட்டியில் மறுபடி சண்டை. மாமி இரண்டையும் போடலாம் என்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.